நேர்காணலுக்கு வந்தவருக்கு 'இல்லை' என்று எழுதும் மெயில்: காரணத்தைச் சொல்லி, சுருக்கமாக

மதுரையில் சின்னதும் நடுத்தரமுமான கம்பெனிகளுக்கு ஆள் எடுத்துக் கொடுக்கிறேன். பெரும்பாலும் கணக்கு, ஸ்டோர்ஸ், விற்பனை வேலைகள். என்னிடம் புதிதாகச் சேருகிறவர்களிடம் வேலைக்கு ஆள் தேடச் சொன்னால் ஒரு வாரத்தில் பிடித்துக்கொள்கிறார்கள். நேர்காணல் முடிந்து வேண்டாம் என்று முடிவான ஒருவருக்கு நாலு வரி எழுதச் சொன்னால்தான் முழிக்கிறார்கள். ஒன்று, எதுவுமே சொல்லாத மெயில் வரும். இல்லை, திட்டுவது மாதிரி வரும். அவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கும் வரிசையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

உதாரணத்துக்குக் கடைசி வரைக்கும் ஒரே ஆளைப் பார்ப்போம். கப்பலூர் பக்கம் ஒரு உதிரிபாக மொத்த வியாபாரிக்குக் கணக்கர் தேவை. திருமங்கலத்திலிருந்து ஒரு இளைஞர் வந்தார். பி.காம்., மூன்று வருட அனுபவம், டேலியில் கை வேகம். ஆனாலும் எடுக்கவில்லை. அவருக்குப் போன மெயில் எப்படி உருவானது என்பதுதான் விஷயம்.

1. யாருக்குக் காரணம் எழுதுவது

நேர்காணலுக்கு வந்தவருக்கு மட்டும். பயோடேட்டாவைப் பார்த்தே ஒதுக்கியவருக்கு, 'இந்த வேலைக்கு உங்கள் விண்ணப்பத்தை மேலே எடுத்துச் செல்லவில்லை' என்று இரண்டு வரி போதும். அவரோடு நாம் பேசவே இல்லை. அவருக்கு என்ன குறை என்று எழுதினால் அது ஊகம்தான், 'அதெல்லாம் நான் செய்திருக்கிறேனே' என்று அவர் திருப்பிக் கேட்டால் நம்மிடம் பதில் இருக்காது.

இன்னொரு ஆளையும் பிரித்து வையுங்கள்: இரண்டாவது இடத்தில் இருப்பவர். முதல் ஆள் ஆஃபரை வாங்கிக்கொண்டு, பழைய கம்பெனி சம்பளத்தைக் கூட்டித் தருகிறது என்று கடைசி நாளில் கையை விரிப்பது இங்கே சகஜம். அதனால் இரண்டாமவருக்கு மறுப்பு மெயில் போடாதீர்கள், அதற்காக மௌனமாகவும் இருக்காதீர்கள். 'இன்னும் முடிவாகவில்லை, வரும் வெள்ளிக்குள் சொல்கிறேன்' என்று தேதியோடு ஒரு வரி அனுப்பிவிட்டு, அந்த வெள்ளிக்கிழமை அவருக்கு நிஜமாகவே சொல்லுங்கள். உறுதியாக இல்லை என்று ஆனவர்களுக்கு இரண்டு வேலை நாளுக்குள் மெயில் போய்விட வேண்டும். அவர் இன்னொரு இடத்தில் சரி சொல்லலாமா என்று யோசித்துக்கொண்டிருப்பார்.

2. எழுத உட்காரும் முன் கையில் இருக்க வேண்டியவை

மூன்று தாள். வேலைக்கு விளம்பரம் கொடுத்தபோது எழுதிய தேவைப் பட்டியல். நேர்காணலில் எடுத்த குறிப்பு, அதில் அவர் சொன்ன வார்த்தை அப்படியே இருக்க வேண்டும். மூன்றாவது, முடிவெடுத்த முதலாளியோ மேலாளரோ சொன்ன காரணம்.

மூன்றாவதில்தான் சிக்கல். 'பையன் நல்ல பையன்தான், ஆனா செட் ஆகலப்பா' என்பார்கள். அதை வைத்துக்கொண்டு மெயில் எழுதவே முடியாது. எழுதினால் 'எங்கள் எதிர்பார்ப்புக்குப் பொருந்தவில்லை' என்றுதான் வரும், அதில் எதுவும் இல்லை. நான் போனில் மூன்று கேள்வி கேட்பேன்: எந்த இடத்தில் அப்படித் தோன்றியது, அவர் அங்கே என்ன சொன்னார் அல்லது செய்தார், நமக்கு அங்கே என்ன வேண்டியிருந்தது. மூன்றாவது கேள்விக்குப் பதில் வரும் வரைக்கும் போனை வைக்க மாட்டேன்.

நம் கப்பலூர் கேஸில் பதில் இப்படி வந்தது. நேர்காணலில் 12 கொள்முதல் பில்லையும், ஜிஎஸ்டிஆர்-2பி மாதிரி ஒரு பட்டியலையும் கொடுத்து ஒத்துப்பார்க்கச் சொல்லியிருந்தோம். மூன்று இடத்தில் பொருந்தாதபடி வைத்திருந்தோம். அவர் ஒன்றைப் பிடித்தார்: ஒரு பில் பட்டியலிலேயே இல்லை. 'இதை என்ன செய்வீர்கள்?' என்று கேட்டதற்கு, 'ஆடிட்டர்கிட்ட கேட்பேன் சார், அங்க அவங்கதான் பாப்பாங்க' என்றார். நேர்மையான பதில். ஆனால் இந்தக் கம்பெனியில் அதைப் பார்க்க வேண்டியவர் அவர்தான்.

கணக்கு வேலை தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. சப்ளையர்கள் தாக்கல் செய்ததை வைத்து ஒவ்வொரு மாதமும் 14ஆம் தேதி 2பி பட்டியல் வரும். மாதாமாதம் தாக்கல் செய்கிற கம்பெனி 20ஆம் தேதிக்குள் 3பி என்கிற மாத வரிக் கணக்கைப் போட வேண்டும். 2022 ஜனவரியிலிருந்து 2பி-யில் வராத பில்லுக்கு வரி வரவு, அதாவது கொள்முதலில் கொடுத்த வரியைக் கழித்துக்கொள்வது, எடுக்க முடியாது. ஆக, அந்த ஆறு நாளில் ஒத்துப்பார்த்து, விடுபட்ட சப்ளையரைப் போனில் பிடித்து, முடிக்க வேண்டும். 'ஜிஎஸ்டி தெரியும்' என்பதற்கும் 'இந்த ஆறு நாளைத் தனியாகச் சமாளிப்பேன்' என்பதற்கும் நடுவில் இருந்ததுதான் அவருடைய குறை. இந்த அளவுக்கு நுணுக்கமாகத் தெரிந்தால்தான் மெயிலில் ஒரே வாக்கியத்தில் சொல்ல முடியும்.

3. எந்தக் காரணத்தை எழுதலாம்

வந்த காரணங்களை ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் இரண்டு சோதனை வையுங்கள். விளம்பரத்தில் நாம் கேட்டதோடு அதற்குத் தொடர்பு இருக்கிறதா? நேர்காணலில் அதை நாம் கண்ணால் பார்த்தோமா, காதால் கேட்டோமா? இரண்டுக்கும் ஆம் என்றால் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். 'பதற்றமாக இருந்தார்', 'ஆர்வம் குறைவாகத் தெரிந்தது' எல்லாம் இங்கேயே விழுந்துவிடும். பதற்றமா இல்லையா என்பது அவருக்குத்தான் தெரியும்.

சில சமயம் முதலாளி சொல்கிற காரணம் எழுதவே கூசும். 'கல்யாணம் ஆகப்போற பொண்ணு, ஆறு மாசத்துல போயிடும்', 'அந்த ஊர்க்காரங்க வேண்டாம்'. புதியவர்கள் இதை மெயிலில் எழுதாமல், வேறு ஒரு நாகரிகமான காரணத்தைக் கண்டுபிடித்துப் போட்டுவிடுகிறார்கள். செய்யாதீர்கள். எழுத முடியாத காரணம் என்றால் தப்பு மெயிலில் இல்லை, முடிவில் இருக்கிறது. முதலாளியிடம் திரும்பப் போங்கள். ஆளெடுப்பதில் ஆண் பெண் வேறுபாடு பார்க்கக் கூடாது என்பது 1976ஆம் ஆண்டு சம ஊதியச் சட்டத்திலேயே சொல்லப்பட்டது, இது ஒன்றும் புதுக் கதை இல்லை. நான் இரண்டு தடவை போய்ப் பேசியிருக்கிறேன். ஒரு தடவை அந்தப் பெண்ணுக்கு வேலை கிடைத்தது, இன்னொரு தடவை எனக்கு அந்த வாடிக்கையாளர் போனார்.

வந்தவரிடம் குறையே இல்லை, இன்னொருவர் கூடுதலாகச் செய்திருந்தார் என்றால் அதையே எழுதுங்கள்: 'இதே வேலையை இரண்டு வருடம் தனியாகப் பார்த்த ஒருவரை எடுத்திருக்கிறோம்.' குறை என்று எதையாவது எழுத வேண்டுமே என்று தேடி ஒட்டினால், அவர் அதை நம்பி இல்லாத குறையைச் சரி செய்துகொண்டிருப்பார். அந்த இன்னொருவரின் பெயர், பழைய கம்பெனி, சம்பளம் எதுவும் மெயிலில் வரக் கூடாது.

4. எத்தனை குறை

ஒன்று. மிஞ்சிப்போனால் இரண்டு. எப்படித் தேர்ந்தெடுப்பது என்றால், 'இது மட்டும் சரியாக இருந்திருந்தால் எடுத்திருப்போமா?' என்று கேட்டுப் பாருங்கள். ஆம் என்று வருவதை எழுதுங்கள். நம் ஆளுக்கு எக்செல்லும் கொஞ்சம் தடுமாற்றம்தான். ஆனால் 2பி வேலை தெரிந்திருந்தால் எக்செல்லை யாரும் பொருட்படுத்தியிருக்க மாட்டார்கள், அதனால் மெயிலில் அது இல்லை. ஐந்து குறையை அடுக்கினால் படிக்கிறவருக்கு எது நிஜக் காரணம் என்றே தெரியாமல் போகும், மனசும் உடையும்.

5. முதலில் எழுத வேண்டியது நடு வாக்கியம்

அவர் படிக்கும் வரிசை வேறு, நாம் எழுதும் வரிசை வேறு. 'வணக்கம், நேர்காணலுக்கு வந்ததற்கு நன்றி' என்று மேலிருந்து தொடங்கினால் மரியாதை வார்த்தைகளிலேயே பாதி மெயில் போய்விடும், காரணம் வரும்போது கை சோர்ந்துவிடும். அதனால் குறையைச் சொல்லும் வாக்கியத்தை முதலில் எழுதி முடியுங்கள்.

என்னிடம் வேலை பார்க்கும் பெண் முதலில் எழுதியது: 'உங்களுக்கு ஜிஎஸ்டி அறிவு போதவில்லை.' இது கடுமை என்பதைவிட, பொய். அவர் மூன்று வருடமாக விற்பனை பில்களைப் பார்த்து, ஜிஎஸ்டிஆர்-1க்கு விவரம் தயார் செய்தவர். போதவில்லை என்று ஆளின் மேலேயே முத்திரை குத்தினால், 'இவர்கள் என் பயோடேட்டாவைப் படிக்கவே இல்லை' என்றுதான் நினைப்பார்.

கடுமை வேண்டாம் என்றதும் அடுத்த வரைவு இந்தப் பக்கம் சாய்ந்தது: 'இந்தத் துறையில் இன்னும் கொஞ்சம் அனுபவம் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.' எந்தத் துறை? எதில் அனுபவம்? எவ்வளவு கொஞ்சம்? இதைப் படித்துவிட்டு அவர் இன்னும் ஒரு வருடம் அதே இடத்தில் அதே பில்லைப் பதிந்துவிட்டு வந்து நிற்பார்.

மூன்றாவது வரைவில் மூன்று துண்டு இருந்தது. வேலைக்கு என்ன தேவை, நாங்கள் என்ன பார்த்தோம், எங்கள் பக்கம் என்ன இல்லை. மூன்றாவதை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். குறை என்பது அவரிடம் மட்டும் இருப்பதில்லை. சொல்லிக் கொடுக்க ஒரு சீனியர் கணக்கர் அந்தக் கம்பெனியில் இருந்திருந்தால் இதே ஆளை எடுத்திருப்பார்கள். அதைச் சொன்னால்தான் முழு உண்மை, ஆறுதலாக இருப்பதும் அதுதான்.

6. மேலே முடிவு, கீழே மற்றதெல்லாம்

நடு வாக்கியம் தயாரானதும் முடிவை எழுதுங்கள். அது மெயிலின் முதல் இரண்டு வரிக்குள் வர வேண்டும். மாட்டுத்தாவணியில் பஸ் ஏறிக்கொண்டே போனைப் பார்க்கிறவருக்குத் திரையில் தெரிவது தலைப்பும் முதல் சில வார்த்தைகளும்தான். அங்கே 'உங்கள் திறமை எங்களை மிகவும் கவர்ந்தது' என்று இருந்தால், வேலை கிடைத்துவிட்டது என்று வீட்டுக்குப் போன் போட்டுவிடுவார். தலைப்பில் வேலையின் பெயரும் 'நேர்காணல் முடிவு' என்பதும் போதும்.

முடிவைச் சொல்லும் வினைச்சொல்லில் கவனம். 'நிராகரிக்கப்பட்டுள்ளது' என்றால் அரசு அலுவலகத்தில் மனுவைத் திருப்பி அடித்தது மாதிரி. 'தேர்ச்சி பெறவில்லை' பரீட்சை ரிசல்ட். 'தற்போது வாய்ப்பளிக்க இயலாத நிலையில் உள்ளோம்' என்பது கேட்க மென்மையாக இருக்கும், ஆனால் கதவைப் பாதி திறந்து வைத்துவிடும். நான் ஆரம்ப காலத்தில் அப்படி ஒரு மெயில் அனுப்பி, பத்து நாள் கழித்து அந்த ஆள் 'சார், நிலை சரியாயிடுச்சா, எப்ப வரட்டும்?' என்று கேட்டார். எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. 'இந்த வேலைக்கு உங்களை எடுக்கவில்லை' என்பது நேரடியானது, அவமானப்படுத்தாதது. 'தாங்கள்' வேண்டாம், 'நீங்கள்' போதும். நேரில் நீங்கள் என்று பேசிவிட்டு மெயிலில் தாங்கள் என்றால் திடீரென்று அந்நியராகிவிடுவோம்.

பாராட்டு வேண்டுமானால் காரணத்துக்கு அப்புறம், ஒரே ஒரு வரி, அதுவும் பார்த்ததாக இருக்கட்டும். முடிவுக்கு முன்னால் பாராட்டினால் படிக்கிறவர் 'ஆனால்' எப்போது வரும் என்றுதான் காத்திருப்பார்.

'உங்கள் விவரங்களைப் பத்திரமாக வைத்திருக்கிறோம், வாய்ப்பு வந்தால் அழைப்போம்' என்பது நிஜமாகவே அழைக்கப் போகிறோம் என்றால் மட்டும். அறிவுரையும் வேண்டாம். அந்த கோர்ஸ் படியுங்கள், இந்த சர்டிபிகேட் வாங்குங்கள் என்று அவர் கேட்கவில்லை. குறை தெளிவாக இருந்தால் என்ன செய்வது என்று அவருக்கே தெரியும்.

7. முழு மெயில்

இப்படித்தான் போனது. பெயரையும் கம்பெனியையும் எடுத்துவிட்டேன்.

> தலைப்பு: கணக்கர் வேலை – நேர்காணல் முடிவு
>
> வணக்கம் ……,
>
> செவ்வாய்க்கிழமை கப்பலூர் வரை வந்து பேசியதற்கு நன்றி. கணக்கர் வேலைக்கு உங்களை எடுக்கவில்லை என்பதைத் தெரிவிக்கிறேன்.
>
> காரணம் இதுதான். இந்த வேலையில் முதல் மாதத்திலிருந்தே கொள்முதல் பில்களை 2பி-யோடு ஒத்துப்பார்த்து, வித்தியாசம் இருந்தால் சப்ளையரிடம் பேசி, 20ஆம் தேதிக்குள் தனியாக முடிக்க வேண்டும். நேர்காணலில் கொடுத்த பில்களில் மூன்று வித்தியாசங்களில் ஒன்றைக் கண்டுபிடித்தீர்கள். இதுவரை இந்த வேலையை ஆடிட்டர் அலுவலகம் பார்த்ததாகச் சொன்னீர்கள். இதைப் பழக்கிக் கொடுக்க இந்தக் கம்பெனியில் இன்னொரு கணக்கர் இல்லை.
>
> டேலியில் உங்கள் வேகமும், தெரியாததைத் தெரியாது என்று சொன்னதும் எங்கள் குறிப்பில் இருக்கிறது.
>
> இது பற்றி ஏதாவது கேட்க வேண்டுமென்றால் இந்த மெயிலுக்கே பதில் போடுங்கள்.

விண்ணப்பம் ஆங்கிலத்தில் வந்திருந்தால் ஆங்கிலத்தில் அனுப்புவோம். அமைப்பு மாறாது. இதைவிட நீளமானால் நாம் நம்மை நியாயப்படுத்தத் தொடங்கிவிட்டோம் என்று அர்த்தம்.

8. அனுப்பும் முன்

பெயரைப் பாருங்கள். நம் ஊரில் இது தனிப் பிரச்சினை. விண்ணப்பப் படிவத்தில் கடைசிப் பெயர் என்ற கட்டத்தில் அப்பா பெயரைத்தான் போடுவார்கள். ஷீட்டிலிருந்து அந்தக் கட்டத்தை இழுத்து வணக்கத்துக்குப் பக்கத்தில் ஒட்டினால், வேலை இல்லை என்கிற செய்தி அப்பாவுக்குப் போகும். அவர் கையெழுத்தில் எந்தப் பெயர் இருக்கிறதோ அதை எழுதுங்கள். பத்துப் பேருக்கு ஒரே மெயிலை நகலெடுத்து அனுப்பும்போது பழைய பெயரோ பழைய காரணமோ தங்கிவிடுவதும் நடக்கும், அதனால் காரணம் உள்ள மெயில்களை ஒவ்வொன்றாகத்தான் அனுப்புவேன்.

அப்புறம் வாய்விட்டு ஒரு தடவை படியுங்கள். நேரில் உட்கார வைத்து இதே வார்த்தைகளைச் சொல்ல முடியுமா? முடியாத வரியை மாற்றுங்கள்.

நேரம் காலை பத்து பதினொன்று. ராத்திரி ஒன்பதுக்கு வந்தால் யாரிடமும் எதுவும் கேட்க முடியாமல் அன்றைய தூக்கம் போகும். மூன்று ரவுண்டு வரைக்கும் வந்தவர் என்றால் முதலில் போன், பிறகு மெயில்.

சிபாரிசு செய்த மாமா ஒருவர் பெரும்பாலும் இருப்பார். நேர்காணல் முடிந்த அன்றே 'என்ன தம்பி, பையன் எப்படி?' என்று போன் வரும். வந்தவருக்கு மெயில் போகும் முன் மாமாவிடம் வாயைத் திறக்காதீர்கள், போன பிறகும் காரணத்தைச் சொல்லாதீர்கள். 'அவருக்கே எழுதிட்டோம்ணே' என்பதோடு நிறுத்துங்கள். காரணம் அவருடையது, குடும்ப விசேஷத்தில் பேசுவதற்கானது இல்லை.

9. பதில் வந்தால்

நன்றி என்று மட்டும் வந்தால் விட்டுவிடலாம். வாதாடினால் ஒரே ஒரு தடவை பதில் எழுதுங்கள், புதுக் காரணம் எதையும் சேர்க்காமல். எழுதும் முன் நேர்காணல் குறிப்பைத் திரும்பப் பாருங்கள், ஏனென்றால் சில சமயம் அவர் சொல்வதுதான் சரியாக இருக்கும். அப்படி நாம் தவற விட்டது தெரிந்தால் முதலாளியிடம் எடுத்துப் போவது நம் வேலை. முடிவு மாறவில்லை என்றாலும், பார்த்தோம் என்று அவருக்குச் சொல்ல வேண்டும்.

திருமங்கலத்துக்காரர் அன்று மதியமே பதில் போட்டார். 'நன்றி சார். மற்ற ரெண்டு வித்தியாசம் என்னன்னு சொல்ல முடியுமா?' அவ்வளவுதான். சொன்னேன்: ஒரு பில்லில் வரி 1,800, பட்டியலில் 1,080 என்று இருந்தது. இன்னொன்று பட்டியலில் இருந்தது, ஆனால் அந்த பில்லே உங்கள் கையில் இருந்த 12இல் இல்லை. அனுப்பிய பிறகுதான் உறைத்தது, அடுத்த ஆளுக்குப் புதிதாக ஒரு பில் கட்டு தயார் பண்ண வேண்டும்.